முகநூல் பதிவிலிருந்து லிங்க்ட்இன் சுருக்கம்: ஒரு திருப்பூர் கியூசியின் பதிவை வைத்து

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் ஏழு வருடமாகக் கியூசியாக, அதாவது தரக் கட்டுப்பாட்டாளராக, இருக்கிறேன். போன வாரம் முகநூலில் ஒரு பதிவு போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "இதையே லிங்க்ட்இன்ல About பகுதியில போட்டுடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படி மாற்றுவது? தமிழிலேயே எழுதிக் காட்டுங்கள், ஆங்கிலமாக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு வேலை பார்க்கும் எண்ணம் இருப்பது இப்போதைய கம்பெனிக்குத் தெரியக் கூடாது. பதிவு இதுதான்:

"ஸ்ஸ்ப்பா... ஒருவழியா கன்டெய்னர் கிளம்பிருச்சு 🙏 மூணு ராத்திரி தூக்கம் இல்ல. டையிங்காரங்க அனுப்பின துணி ரோலுக்கு ஒரு ஷேடு. கட்டிங் போட்டுடலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நான் மட்டும் முடியாதுன்னு உட்கார்ந்துட்டேன். ரோல் ரோலா பிரிச்சு, துண்டு வெட்டி, லைட் பாக்ஸ்ல வச்சுப் பாத்து, நாலு லாட்டா பிரிச்சுத் தனித்தனியா கட்டிங் குடுத்தோம். பையரோட ஆளு வந்து பாத்து ஒரே தடவையில பாஸ் பண்ணிட்டாரு. எட்டாயிரம் பீஸ்! முதலாளி ஒரு டீ கூட வாங்கித் தரல 😂 ஏழு வருஷமா இதே பொழப்பு, ஆனா இந்த மாதிரி நாள்லதான் பொழப்பு பிடிக்குது. நைட் ஷிப்ட் அக்காங்களுக்கு நன்றி ❤️"

பதில்:

நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. இந்தப் பதிவில் சரக்கு இருக்கிறது. பெரும்பாலான சுயவிவரங்களில் இல்லாத சரக்கு. ஆனால் பதிவு ஒரு நாள் நடந்ததைத் தெரிந்தவர்களிடம் சொல்கிறது. சுருக்கமோ, உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு மெர்ச்சண்டைசிங் மேலாளரிடம், நாளை அவருடைய கம்பெனியில் இதே சிக்கல் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் பதிவுக்குள் இருக்கும் முடிவு, முறை, விளைவு ஆகிய மூன்றையும் பிரித்தெடுங்கள். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதும் பிறகு ஆங்கிலமாக்குவதும் கடைசி வேலை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் காட்டிவிடுகிறேன்.

"ஆடைத் துறையில் ஏழாண்டு அனுபவமும் ஆழ்ந்த ஈடுபாடும் கொண்ட, கடின உழைப்புக்குப் பெயர்பெற்ற தரக் கட்டுப்பாட்டு வல்லுநர். சவாலான சூழல்களில் திறம்படச் செயல்படுவதிலும், குழுவை ஒருங்கிணைத்துக் காலக்கெடுவுக்குள் இலக்கை எட்டுவதிலும் தேர்ந்தவர்."

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பார்ப்பதற்கு மெருகாகவும் இருக்கிறது. ஆனால் துணி எங்கே போயிற்று? லைட் பாக்ஸ் எங்கே? இந்த இரண்டு வாக்கியங்களை ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதியும் ஒரு கட்டட மேற்பார்வையாளரும் தொழிலின் பெயரை மட்டும் மாற்றித் தம் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, "தேர்ந்தவர்" என்று தன்னைத் தானே படர்க்கையில் சொல்லிக்கொள்வது, வேறு யாரோ எழுதிக்கொடுத்த அறிமுக உரையைப் போல ஒலிக்கிறது. உங்கள் முகநூல் பதிவு இதைவிட நல்ல சுருக்கம் என்றே சொல்வேன். அதைப் படித்தவருக்குக் குறைந்தபட்சம் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதாவது தெரிந்துவிடும்.

இப்போது பதிவுக்கு வருவோம். அதில் மிக மதிப்புள்ள வரி, "நான் மட்டும் முடியாதுன்னு உட்கார்ந்துட்டேன்" என்பது. இந்தத் துறையில் இருப்பவருக்கு அதன் எடை உடனே புரியும். ரோலுக்கு ரோல் நிறம் மாறியிருக்கும் துணியை அப்படியே அடுக்கி வெட்டிவிட்டால், ஒரே சட்டையின் முன்பாகம் ஒரு ஷேடிலும் கை இன்னொரு ஷேடிலும் போய்ச் சேரும். தைத்த பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. துணியாக இருக்கும்போது மறுபடி சாயமேற்றலாம், பிரிக்கலாம், திருப்பி அனுப்பலாம், ஆனால் வெட்டிய துண்டு வெட்டியதுதான். எனவே கட்டிங் மேசைக்கு முன்னால் நிற்பதுதான் ஒரு கியூசிக்குக் கிடைக்கும் கடைசி மலிவான வாய்ப்பு. அந்த வாய்ப்பை நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அதுவும் ஏற்றுமதித் தேதி நெருங்கும்போது, எல்லாரும் வேண்டாம் என்று சொல்லும்போது.

ஆனால் பதிவில் அது ஒரு பிடிவாதமாக எழுதப்பட்டிருக்கிறது. நண்பர்களுக்கு அது சுவை, மேலாளருக்கோ, "இவர் எதற்கெடுத்தாலும் வேலையை நிறுத்துவாரோ?" என்ற சந்தேகத்தைக் கிளப்பும். ஆகவே நாடகத்தை எடுத்துவிட்டுக் காரணத்தைப் போடுங்கள்: ரோலுக்கு ரோல் ஷேடு மாறியிருந்தது, அதனால் பிரித்து முடிக்கும்வரை கட்டிங்கை நிறுத்தினேன். "எல்லாரும் சொன்னாங்க" என்பதும் போகட்டும். உடன் வேலை பார்த்தவர்களின் தவறான யோசனையைச் சொன்னால்தான் உங்கள் முடிவு சரியென்று தெரியும் என்பதில்லை. முடிவைக் காரணத்தோடு சொன்னாலே அது நிற்கும்.

அடுத்தது முறை. "ரோல் ரோலா பிரிச்சு, துண்டு வெட்டி, லைட் பாக்ஸ்ல வச்சுப் பாத்து" என்ற வரியை அநேகமாக அப்படியே வைத்துக்கொள்ளலாம். வினைச்சொற்கள் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தங்களுக்கு அன்றாடமாகிவிட்ட செயலை அற்பமென்று நினைத்து, "நிற வேறுபாட்டுச் சிக்கலை வெற்றிகரமாகக் கையாண்டேன்" என்று மூடிவிடுகிறார்கள். மூடியவுடன் படிப்பவருக்கு உங்களைச் சோதிக்க எதுவுமில்லாமல் போகிறது. சோதிக்க முடியாததை அவர் நம்புவதும் இல்லை. இன்னொரு வேண்டுகோள்: லைட் பாக்ஸில் எந்த விளக்குகளில் பார்த்தீர்கள் என்பது நினைவிருந்தால் அதையும் மனத்தில் வைத்திருங்கள். பகல் ஒளிக்கான டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 என்று இரண்டிலாவது பார்த்திருப்பீர்கள், ஏனெனில் ஒரு விளக்கில் பொருந்தும் ஷேடு இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. சுருக்கத்தில் இதை எழுத வேண்டியதில்லை. நேர்காணலில் கேட்பார்கள்.

அவர்கள் கேட்கப்போகும் இன்னொரு கேள்வி இதைவிட முக்கியமானது. உங்கள் பதிவில் இருக்கும் ஒரே பெரிய ஓட்டையும் அதுதான். நான்கு லாட்டாகப் பிரித்ததால் ஒரே ஆடைக்குள் நிறம் கலக்காது என்பது உறுதியாகிறது. ஆனால் அந்த நான்கு லாட்டுகளும் பையர் ஒப்புதல் கொடுத்த ஷேடுக்குப் போதுமான அளவு நெருக்கமாக இருந்தனவா? வழக்கமாக இதற்கு ஷேடு பேண்ட் என்று ஒன்று இருக்கும். வெளிறிய எல்லை, அடர்ந்த எல்லை, நடுவில் ஒப்புதல் பெற்ற நிறம் என்று துண்டுகளை ஒட்டிப் பையரின் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு லாட் அந்த எல்லைக்கு வெளியே போயிருந்தால், அதைத் தனியாக வெட்டியதால் எந்தப் பயனும் இல்லை. சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் ஷேடு பேண்டோடு ஒப்பிட்டிருந்தால் அதை ஒரு தொடராகச் சேர்ப்பது கட்டாயம். அந்த ஒரு தொடர், நீங்கள் பிரிக்கத் தெரிந்தவர் மட்டுமல்ல, எதை அனுப்பக் கூடாது என்று முடிவெடுக்கத் தெரிந்தவரும்கூட என்று காட்டும். ஒப்பிடவில்லை, மெர்ச்சண்டைசர் வாய்மொழியாகச் சரி என்றார் என்றால், எழுதாதீர்கள்.

விளைவு என்பது "ஒரே தடவையில பாஸ்", "எட்டாயிரம் பீஸ்". இரண்டும் நல்ல தகவல்கள். ஒன்றோடொன்று சேர்த்தால் இன்னும் நல்லவை. ஐஎஸ்ஓ 2859-1 மாதிரி அட்டவணையின்படி, 3,201 முதல் 10,000 உருப்படி வரையுள்ள ஒரு சரக்குக்குப் பொது ஆய்வு நிலை இரண்டில் 200 உருப்படிகளை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு ஏக்யூஎல் எனப்படும் ஏற்கத்தக்க தர வரம்பு 2.5 என்றால் 10 குறை வரை ஏற்பு, 11 வந்தால் நிராகரிப்பு. உங்கள் பையரும் இதே அளவுகோலை வைத்திருந்தால், "8,000 உருப்படி, ஏக்யூஎல் 2.5, முதல் ஆய்விலேயே தேறியது" என்று படிக்கும் ஒருவர் இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டுக்கொள்வார், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். லிங்க்ட்இன் ஆலோசனைகள் எல்லாம் "எண்களைப் போடுங்கள்" என்று சொல்வதால், "நிராகரிப்பை 40 சதவீதம் குறைத்தேன்" என்பதைப் போல ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். எதிலிருந்து எதற்குக் குறைந்தது, எத்தனை மாதத்தில், யார் கணக்கெடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத சதவீதம், உண்மையான எட்டாயிரத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்குள்ளாக்கும். உங்களிடம் மாதவாரிக் குறைப் பதிவேடு இருந்து, அதிலிருந்து கணக்கிட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் ஒரு ஆர்டரின் உண்மைக் கதையே போதும்.

எதை வெட்ட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். முதலாளி டீ வாங்கித் தராத வரி போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அவ்வளவு எளிதில் தெரியாதது "டையிங்காரங்க" என்ற சொல். திருப்பூரில் எந்தக் கம்பெனி எந்தப் பட்டறையில் சாயம் போடுகிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்லாவிட்டாலும் பழி போய்ச் சேர்ந்துவிடும். நாளை நீங்கள் சேரும் கம்பெனியும் அதே பட்டறையில்தான் துணி கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே "சாயமேற்றி வந்த துணியில் ஷேடு மாறியிருந்தது" என்று துணியை எழுவாயாக்கிவிடுங்கள், ஆளை எடுத்துவிடலாம். பையரின் பெயர், ஸ்டைல் எண், ஏற்றுமதி ஆன நாடு ஆகியவையும் வேண்டாம். பல கம்பெனிகள் பையரோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும்; அதை மீறியது போன்ற தோற்றம்கூட உங்களுக்கு நல்லதல்ல.

மூன்று இரவு தூங்காததும் போகட்டும். இதில் சிலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். உழைப்பைக் காட்டுகிறதே என்பார்கள். ஆனால் தூக்கமின்மை திட்டமிடாமையின் அடையாளமாகவும் படிக்கப்படும், குறிப்பாகத் தொழிலாளர் நல விதிகளைச் சோதிக்கும் பையர்களோடு பழகிய கண்ணுக்கு. இரவுப் பணியில் இருந்த பெண்களைப் பற்றி எழுதும்போது இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

அந்த அக்காக்களுக்கான நன்றியை வெறுமனே நீக்கிவிடவும் கூடாது. பதிவில் நீங்கள் "நான் உட்கார்ந்துட்டேன்", "கட்டிங் குடுத்தோம்" என்று தன்மை ஒருமையையும் பன்மையையும் தன்னியல்பாகச் சரியான இடங்களில் போட்டிருக்கிறீர்கள்: முடிவு உங்களுடையது, வேலை எல்லாருடையது. எழுத்துநடைக்கு மாற்றும்போது பலர் எல்லாவற்றையும் "நான்" ஆக்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அடக்கத்தில் எல்லாவற்றையும் "நாங்கள்" ஆக்கி, தாம் செய்தது எது என்றே தெரியாமல் செய்துவிடுகிறார்கள். நீங்கள் அந்தப் பிரிவினையை அப்படியே காப்பாற்றுங்கள்.

இனி வடிவம். About பகுதியில் 2,600 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம், ஆனால் நிரப்ப வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இதில் பாதியே தாராளம். பக்கத்தைத் திறப்பவருக்கு முதலில் தெரிவது தொடக்கத்தில் சில வரிகள் மட்டும்தான். மீதி see more என்பதற்குப் பின்னால் மறைந்திருக்கும், கைப்பேசியில் இன்னும் சீக்கிரமாகவே மறைந்துவிடும். ஆகவே முதல் இரண்டு வாக்கியங்கள் தனியாக நின்று பொருள் தர வேண்டும். உங்கள் பதிவு "ஸ்ஸ்ப்பா" என்று முடிவிலிருந்து தொடங்குகிறது. சுருக்கம் நீங்கள் எதைப் பிடிப்பவர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். "நான் ஒரு தரக் கட்டுப்பாட்டாளர்" என்று தொடங்குவதும் வீண், ஏனெனில் அது மேலே Headline வரியில் ஏற்கெனவே இருக்கும்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு எழுதியது:

"துணியில் உள்ள குறையை அது கட்டிங் மேசைக்குப் போவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் நான் அதிகம் கவனம் செலுத்தும் வேலை. ஏழு ஆண்டுகளாகத் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில், துணி வந்து இறங்குவது முதல் இறுதி ஆய்வு வரை தரக் கட்டுப்பாட்டைப் பார்த்து வருகிறேன்.

அண்மையில் 8,000 உருப்படி கொண்ட ஓர் ஆர்டரில், சாயமேற்றி வந்த துணி ரோலுக்கு ரோல் ஷேடு மாறியிருந்தது. பிரித்து முடிக்கும்வரை கட்டிங்கை நிறுத்தினேன். ஒவ்வொரு ரோலிலிருந்தும் துண்டு எடுத்து லைட் பாக்ஸில் ஒப்பிட்டு, ஒப்புதல் பெற்ற ஷேடு பேண்டுக்குள் அடங்கும் நான்கு லாட்டுகளாகப் பிரித்தோம். வெட்டுவது, தைப்பது, பேக்கிங் எல்லாம் லாட் கலக்காமல் நடந்தன. ஏக்யூஎல் 2.5 அளவுகோலில் பையரின் ஆய்வாளர் முதல் ஆய்விலேயே சரக்கை ஏற்றுக்கொண்டார். நிறுத்துவது என் முடிவு. குறுகிய நாள்களில் அதை நடத்திக் காட்டியது என் குழு.

அன்றாடம் செய்பவை: ஃபோர் பாயிண்ட் முறையில் துணி ஆய்வு, ஜிஎஸ்எம், துணி சுருங்கும் அளவு, ஸ்பைராலிட்டி சோதனைகள், தையல் லைனில் இன்லைன் ஆய்வு, ஏற்றுமதிக்கு முந்தைய இறுதி ஆய்வு.

கடினமான ஷேடு சிக்கல் வரும் நாள்களில்தான் இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கிறது. துணியின் தரம் குறித்துக் கருத்துப் பகிர விரும்புபவர்கள் இங்கே செய்தி அனுப்பலாம்."

இதில் பதிவில் இல்லாத சிலவற்றை நான் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நீங்கள் உறுதிசெய்யாமல் விடக் கூடாது. ஷேடு பேண்டும் ஏக்யூஎல் 2.5-உம் மேலே சொன்ன காரணங்களுக்காக வந்தவை. பதிவில் தனித்தனியாகக் கட்டிங் கொடுத்தது மட்டுமே இருக்கிறது. தையலிலும் பேக்கிங்கிலும் லாட் கலக்கவில்லை என்பது என் ஊகம். தனித்தனியாக வெட்டிவிட்டு, பண்டில் சீட்டில் லாட் எண் போடாமல் லைனுக்கு அனுப்பியிருந்தால் ஷேடு அங்கே கலந்திருக்கும், ஆய்வில் தேறியிருக்காது. எனவே நடந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அன்றாட வேலைகளின் பட்டியலும் அப்படித்தான். பின்னலாடை கியூசி ஒருவர் பொதுவாகச் செய்பவற்றை எழுதியிருக்கிறேன். ஃபோர் பாயிண்ட் முறையில் ஒரு நீளக் கெஜத்துக்கு அதிகபட்சம் எத்தனை புள்ளி என்று கேட்டால் நான்கு என்று தயங்காமல் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையான ஜிஎஸ்எம்மைக் கணக்கிட, வட்ட வெட்டியில் வெட்டிய நூறு சதுர செ.மீ. துண்டை நிறுத்தால் எதனால் பெருக்க வேண்டும் என்று கேட்டால் நூறு என்று வர வேண்டும். தயங்குவீர்கள் என்றால் அந்தச் சோதனையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் வேறொருவர் செய்து, நீங்கள் அறிக்கையை மட்டும் பார்ப்பவராக இருந்தால், "சோதனை அறிக்கைகளைச் சரிபார்த்தல்" என்று எழுதுவதே முறை.

ஏற்றுமதித் தேதியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். கன்டெய்னர் கிளம்பியது தெரிகிறது. குறித்த நாளிலா என்பது தெரியவில்லை. குறித்த நாளில் கிளம்பியிருந்தால், "தேதி தவறாமல்" என்ற இரண்டு சொல்லை இறுதி ஆய்வு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு சொல், வேலையை நிறுத்தியவர் என்ற எண்ணத்தை முழுவதுமாகச் சமன்செய்துவிடும்.

கடைசிப் பத்தியின் முதல் வாக்கியம் உங்கள் பதிவின் "இந்த மாதிரி நாள்லதான் பொழப்பு பிடிக்குது" என்பதுதான். "பொழப்பு" என்ற சலிப்பை எடுத்துவிட்டேன், விருப்பத்தை விட்டுவைத்தேன். மெருகேற்றும் வேகத்தில் இப்படிப்பட்ட வரியைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள். ஆனால் முழுச் சுருக்கத்திலும் ஆள் தெரிகிற இடம் இது ஒன்றே. ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம். எமோஜியும் வேண்டாம், ஆனால் அதைப் பெரிய குற்றமாகவும் நான் நினைப்பதில்லை.

"வேலை தேடுகிறேன்", "புதிய வாய்ப்புகளை எதிர்நோக்கும்" போன்ற தொடர்கள் உங்கள் நிலையில் கண்டிப்பாகக் கூடாது. About பகுதியை உங்கள் முதலாளியும் எச்ஆரும் படிக்கலாம். Open to work வசதியில், ஆள் தேடும் நிறுவனத்தினருக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் கம்பெனிக்காக ஆள் தேடுபவர்களுக்கு அது தெரியாமலிருக்க லிங்க்ட்இன் முயல்கிறது. ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அந்தத் தளமே சொல்கிறது. ஆகவே நான் எழுதியிருப்பதைப் போலத் துணியின் தரம் பற்றிய பேச்சுக்கு அழைப்பது பாதுகாப்பானது. ஆள் தேடுபவர் அதைப் புரிந்துகொள்வார், முதலாளி படித்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. எட்டாயிரம் என்ற எண்ணைக் கொடுப்பது கம்பெனிக்குப் பிடிக்காதோ என்று தோன்றினால், "சில ஆயிரம் உருப்படி" என்று மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் வலு குறையும், பாதகமில்லை.

ஆங்கிலமாக்கும்போது இதை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்க வேண்டாம். உங்கள் துறையின் சொற்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆங்கிலம்தான். லைட் பாக்ஸ், ஷேடு பேண்ட், இன்லைன், ஏக்யூஎல் என்று நாள் முழுக்கப் பேசுகிறீர்கள். ஆள் தேடுபவர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்வதும் அதே சொற்களைத்தான். எனவே அவற்றை நீங்கள் ஆலையில் சொல்லும் வடிவிலேயே, சுருக்கப் பெயரோடு விரிந்த பெயரையும் ஒருமுறை சேர்த்து எழுதி, சுற்றியுள்ள வாக்கியங்களைக் குறுகியவையாக அமைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நடந்ததை இறந்தகாலத்திலும் வழக்கமாகச் செய்வதை நிகழ்காலத்திலும் வையுங்கள். இந்த இரண்டும் கலந்தால், எட்டாயிரம் உருப்படி ஆர்டர் தினமும் நடப்பது போலத் தோன்றிவிடும். தமிழ் வடிவத்தையும் வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரு விஷயம்: உயிர்மெய்யெழுத்து பெரும்பாலும் ஒரு எழுத்துக்குறியாக எண்ணப்படுவதில்லை, "கி" என்பதே கணினிக்கு இரண்டு. ஆகவே 2,600 என்ற எல்லை தமிழில் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

தடித்த எழுத்து வேண்டுமென்று இணையத்தில் கிடைக்கும் எழுத்துமாற்றிகளைப் பயன்படுத்தாதீர்கள். About பகுதியில் தடித்த எழுத்துக்கு வசதி இல்லாததால், அவை கணிதக் குறியீடுகளை எடுத்து ஆங்கில எழுத்துபோலக் காட்டுகின்றன. கண்ணுக்குத் தடித்துத் தெரியும், ஆனால் தேடலில் அந்தச் சொல் அகப்படாமல் போகலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைச் சொல்லாகப் படிக்காமல் குறியீட்டின் பெயர்களாக வாசிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். பத்திகளுக்கிடையே ஒரு வெற்று வரி விட்டாலே கண்ணுக்கு இடைவெளி கிடைத்துவிடும்.

பதிவேற்றிய பிறகு, லிங்க்ட்இன் கணக்கில் நுழையாத ஒரு கைப்பேசியை நண்பரிடம் வாங்கி உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். முகநூல் பதிவு பொதுப்பார்வையில் இருந்தால் அதுவும் அகப்படக்கூடும். ஆள் தேடுபவர் டீ வரியையும் படித்துவிடுவார். பதிவை நீக்க வேண்டியதில்லை, அதன் பார்வையாளர் அமைப்பை Friends என்று மாற்றினால் போதும். அதோடு கன்டெய்னர் படம் ஏதாவது போட்டிருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பையரின் பெயர், ஆர்டர் எண், போய்ச்சேரும் துறைமுகம் எல்லாம் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.